காடா, கரடா? பழைய பத்திரத்தைக் கைப்பேசிப் படத்தில் படிக்கும் முறை

‘க’ என்று ஓர் எழுத்து. அதன் பின்னால் நட்டமாக ஒரு கோடு. அதற்கும் பின்னால் ‘டு’. நடுவில் நிற்கும் கோடு துணைக்காலானால் சொல் ‘காடு’. அதுவே ரகரமானால் ‘கரடு’. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்துப் பழைய கிரயப் பத்திரங்களைப் படிக்க உட்காருகிறவர் முதல் பக்கத்திலேயே இந்த இடத்தில் நிற்க வேண்டியிருக்கும். கொங்கு நாட்டில் காடு என்பது வனமல்ல, மழையை நம்பி விதைக்கும் மேட்டு நிலம். அதற்கு உடைமைக்காரர் ஒருவர் இருப்பார். கரடு என்பது பாறையும் முள்ளுமாக நிற்கும் சிறு குன்று. பெரும்பாலும் அது புறம்போக்கு. ஆக, உங்கள் நிலத்துக்கு மேற்கே இருப்பது இன்னொரு குடியானவரா, சர்க்காரா என்பது அந்த ஒரு கோட்டைப் பொறுத்தது.

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். கையால் எழுதிய பத்திரத்தின் கைப்பேசிப் படம் உங்களிடம் இருக்கிறது. அதிலுள்ள செக்குபந்தியை, அதாவது நான்கெல்லை சொல்லும் பகுதியை, ஐயமறப் படிக்க வேண்டும். ஒத்த வடிவமுள்ள எழுத்துகள் எல்லாவற்றையும் இங்கே பட்டியல் போடப் போவதில்லை. ரகரத்தையும் காலையும் பிரிக்கும் முறை கைவந்துவிட்டால் மற்ற இணைகளுக்கும் அதையே கையாளலாம்.

படத்தில் கவனிக்க வேண்டியது

பத்திரத்தை எடுத்துக் காட்டுகிறவர்கள் பலர் அதை ‘ஸ்கேன்’ செயலி வழியாகப் பளிச்சென்று கருப்பு வெள்ளையாக்கி அனுப்புவார்கள். பார்க்க அழகாக இருக்கும், படிக்க உதவாது. அந்தச் செயலி மெல்லிய மைக்கோட்டை அழுக்கென்று நினைத்து நீக்கிவிடும். முதலில் போவது புள்ளி. அடுத்துப் போவது ரகரத்தின் அடியில் இருக்கும் சிறு சாய்கோடு. நமக்கு வேண்டியது இரண்டும்தான். எனவே வண்ணப் படமே கேளுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும் என்பதால் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

தாளை மேசையில் விரித்து, சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து, கைப்பேசியைத் தாளுக்கு நேர் மேலே பிடித்து எடுக்க வேண்டும். முழுப் பக்கத்துக்கு ஒரு படம் போதும். செக்குபந்திக்கு மட்டும் நெருக்கத்தில் தனிப்படம் வேண்டும். மடிப்பு விழுந்த வரியை இரண்டு பக்கமிருந்தும் வெளிச்சம் விழ இரண்டு முறை எடுப்பது நல்லது. மடிப்பின் நிழல் படத்தில் நட்டக்கோடாகத் தெரியும். இல்லாத காலை அது உண்டாக்கிவிடும். வெளிச்சம் மாறும்போது நிழல் இடம் மாறும், மை மாறாது.

மெல்லிய தாளில் பின்பக்கத்து எழுத்தும் ஊடுருவித் தெரியும். பின்பக்கத்தையும் படமெடுத்து, அதை இடவலம் திருப்பிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தக் கோடு எந்தப் பக்கத்தது என்று தெரிந்துவிடும். பெரிதாக்கிப் பார்ப்பதிலும் ஓர் அளவு உண்டு. ஒரு சொல் திரையின் பாதி அகலத்துக்கு வந்தால் போதும். அதற்கு மேல் பெரிதாக்கினால் எழுத்து கலைந்து வெறும் கட்டங்களாகிவிடும், கண் தன் இஷ்டத்துக்குப் படிக்கும்.

வாய்பாட்டிலிருந்து எழுத்து அட்டை

இப்போது பத்திரத்தை முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்காதீர்கள். நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய், ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய்’ என்ற தொடரைத் தேடுங்கள். வாங்கியவரும் அவர் வழிவழியினரும் சொத்தை அனுபவித்துக்கொள்ளலாம் என்று சொல்லும் இந்தத் தொடர் அந்தக் காலத்துக் கிரயப் பத்திரங்களில் அநேகமாகத் தவறாமல் வரும். சொல்லுக்குச் சொல் நமக்குத் தெரிந்த தொடர் என்பதால், இங்கே எழுத்தை வைத்துச் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சொல்லை வைத்து எழுத்தைக் கண்டுபிடிக்கலாம். எழுதியவர் கையின் சாவி இந்த மூன்று சொல்லுக்குள் கிடைக்கிறது.

எண்ணிப் பாருங்கள். ‘புத்திர’வின் கடைசியில் ஒரு ரகரம், ‘பௌத்திர’வின் கடைசியில் ஒரு ரகரம், ‘பாரம்பரிய’த்தில் ‘பா’வுக்கு அடுத்து ஒரு ரகரம். ஆக மூன்று வெறும் ரகரங்கள். ‘பா’விலும் ‘மா’விலும் இரண்டு துணைக்கால்கள். அதிலும் ‘பார’ என்ற இடத்தில் காலும் ரகரமும் அடுத்தடுத்து நிற்கின்றன, இதைவிட வசதியான ஒப்பீடு வேறெங்கும் கிடைக்காது. போதாததற்கு பகரம், யகரம், மகரம் மூன்றும் இதே தொடரில் இருக்கின்றன. ‘பௌ’வின் வலப்பக்கத்துக் குறி ளகர வடிவிலேயே இருப்பதால் ளகரத்துக்கும் ஒரு மாதிரி கிடைத்துவிடுகிறது.

இந்தத் தொடரைப் படத்திலிருந்து வெட்டி எடுத்துத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். இதுதான் உங்கள் எழுத்து அட்டை. இதனுடன் எல்லாப் பத்திரத்திலும் வரும் இன்னும் சில சொற்களையும் சேர்த்துக்கொள்ளலாம். ‘எழுதிக்கொடுத்த’ என்பதில் ழகரம், ‘முன்னிலை’யில் முகரம், ‘உள்ள’ என்பதில் ளகரம், ‘எல்லை’யில் லகரம், ‘ஆண்டு அனுபவித்து’ என்பதில் ணகரமும் னகரமும், ‘சுத்த கிரய சாசனம்’ என்பதில் சகரமும் ககரமும் கிடைக்கும். அட்டைக்கு ஒரு பத்திரத்தின் எழுத்து மட்டுமே ஆகும். இன்னொரு பத்திர எழுத்தரின் அட்டையை இதற்கு வைத்துப் பார்க்கக் கூடாது.

ரகரத்தை ஒப்பிடும்போது ஒரு நுணுக்கம் உண்டு. பலர் தவறுவது இங்கேதான். பழைய வழக்கப்படி புள்ளி பெற்ற ‘ர்’ என்பதையும், விசிறி பெற்ற ‘ரி’ என்பதையும் அடியில் சாய்கோடு இல்லாமல், காலின் மேல் புள்ளியோ விசிறியோ வைத்தது போலத்தான் எழுதுவார்கள். அச்சிலும் அப்படித்தான் இருந்தது. ஆகவே ‘பரிய’வில் உள்ள ரியைப் பார்த்துவிட்டு, ‘இவர் ரகரத்துக்குச் சாய்கோடு போடுகிறவர் அல்லர்’ என்று முடிவு கட்டாதீர்கள். வெறும் ரகரத்தை வெறும் ரகரத்தோடு மட்டும் ஒப்பிட வேண்டும். இதில் ஒரு லாபமும் இருக்கிறது. துணைக்கால் புள்ளியும் விசிறியும் பெறாது. கோட்டின் மேல் அவற்றில் ஒன்று இருந்தால் அது ரகரம்தான், விவாதமே வேண்டாம்.

ஒப்பிட்டுப் பார்த்தால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று தெரியவரும். எழுதியவர் வெறும் ரகரத்துக்கு அடியில் இடப்பக்கமாக ஒரு சிறு இழுப்பு விட்டிருப்பார், காலுக்கு விட்டிருக்க மாட்டார். அப்படியானால் வேலை சுலபம். அல்லது இரண்டு வடிவமும் ஒன்றாக இருந்தாலும் இடைவெளி வேறாக இருக்கும். கால் தன் முன்னெழுத்தை ஒட்டி நிற்கும், சிலருக்குப் பேனா தூக்காமலே இழுபடும். ரகரம் இரு பக்கமும் சம தூரம் விட்டுத் தனியாக நிற்கும். மூன்றாவது வகைக் கையில் எந்த வேறுபாடும் தெரியாது. அங்கே எழுத்து பதில் சொல்லாது, வாக்கியத்தைத்தான் கேட்க வேண்டும்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கல்வெட்டுகளிலும் ரகரத்துக்கும் காலுக்கும் ஒரே வடிவம்தான், புள்ளியும் பெரும்பாலும் இருக்காது. பேரூரிலும் அவிநாசியிலும் கோயில் சுவரில் உள்ளதைப் படித்தவர்களும் வாக்கியத்தைக் கேட்டுத்தான் படித்தார்கள்.

ஒரு செக்குபந்தியைப் படிப்போம்

பயிற்சிக்காக, 1935-ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்றின் போக்கில் ஒரு பத்தியை அமைத்துக்கொள்வோம். ஐயமுள்ள கோட்டை │ என்று குறித்திருக்கிறேன்.

‘கோயமுத்தூர் ஜில்லா பல்லடம் தாலுக்காவைச் சேர்ந்த மேற்படி கிராமத்தில் பு.ஏ. 4.36-ல் தென்புறம் பு.ஏ. 2.18-க்குச் செக்குபந்தி. மேற்படி நெம்பரில் என் தமையனார் பாக பூமிக்குத் தெற்கு, தென்வடல் இட்டேரிக்கு மேற்கு, பெரியதோட்டத்தார் க│ட்டுக்கு வடக்கு, க│ட்டுக்குக் கிழக்கு. இதன் மத்தியில் உள்ள பு.ஏ. 2.18-ம், இதிலுள்ள ஓட்டுச் சா?ை ஒன்றும், கிணற்றில் சரிபாதியும், மாமூல் வழித்தடமும்.’

பு.ஏ. என்பது புஞ்சை ஏக்கர். இட்டேரி என்பது இரு பக்கமும் வேலி நின்ற வண்டித்தடம். முதலில் திசைகளைச் சரிபார்ப்போம். ‘தமையனார் பூமிக்குத் தெற்கு’ என்றால் நம் நிலம் அவர் நிலத்துக்குத் தெற்கே இருக்கிறது, ஆகவே அவர் நமக்கு வடக்கெல்லை. புதிதாகப் படிப்பவர்கள் இதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டு முழு வரைபடத்தையும் புரட்டிவிடுவார்கள். இங்கே உறுதி செய்ய வழி உள்ளேயே இருக்கிறது. விற்பது அந்த நெம்பரின் தென்புறப் பாதி. அப்படியானால் மீதிப் பாதி வடக்கேதான் கிடக்க வேண்டும். தமையனார் பாகம் வடக்கே வருவதால் ‘தெற்கு’ என்று படித்தது சரி.

இது ஏன் முக்கியம் என்றால், வேகமான கையெழுத்தில் ‘தெற்கு’, ‘மேற்கு’ இரண்டுக்கும் வால் ஒன்றே. தலையில் உள்ள தகரமும் மகரமும் மசிந்துவிட்டால் ஒன்றை ஒன்றாகப் படிக்க இடமுண்டு. ‘வடக்கு’, ‘கிழக்கு’ இரண்டுக்கும் அதே கதை. ஆனால் நான்கு பக்கத்துக்கு நான்கு திசையும் ஒவ்வொரு முறை வந்தாக வேண்டும். ‘மேற்கு’ இரண்டு முறை வந்து ‘தெற்கு’ காணாமல் போனால் இரண்டில் ஒன்று தவறு. ஒரே பக்கத்தில் இரண்டு பேர் எல்லை பிடிக்கும் கோணல் நிலங்களில் ஒரு திசை இருமுறை வரும், ஆனால் அப்போது மற்ற மூன்றும் குறையாமல் இருக்கும்.

பரப்பும் அதேபோலச் சாட்சி சொல்கிறது. 4.36-ல் சரிபாதி 2.18. ஒன்றும் ஏழும் ஒன்றுபோலத் தெரியும் கையில் 2.18-ஐ 2.78 என்று படித்தவர் இந்தக் கணக்கைப் போட்டாலே திருத்திக்கொள்வார். ஏக்கருக்கு நூறு சென்ட், எனவே புள்ளிக்குப் பின்னால் வருவது சென்ட் என்பதை மறக்க வேண்டாம்.

இப்போது அந்த இரண்டு கோடுகள். தெற்கெல்லையில் ‘பெரியதோட்டத்தார்’ என்று முன்னால் ஆள் இருக்கிறார், அடுத்து வருவது அவருடைய நிலம். ‘காட்டுக்கு’ என்று படிப்பதில் தடையில்லை. மேற்கெல்லையில் முன்னால் யாருமில்லை, வெறுமனே ‘க│ட்டுக்கு’. பழைய பத்திர எழுத்தர் ஒருவரிடம் இப்படி ஒரு வரியைக் காட்டி, “ஏனுங்க, இது காடுங்களா, கரடுங்களா?” என்று கேட்டபோது அவர் தாளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “காடுன்னா ஆரு காடுன்னு எழுதோணுமல்லங்க. பேரில்லாம நிக்குதுன்னா கரடுங்க” என்றார். செக்குபந்தியின் இலக்கணத்தை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. காட்டுக்கு உடைமைக்காரர் பெயர் தேவை, கரட்டுக்குத் தேவையில்லை.

என்றாலும் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். பெயர் முந்தின வரியின் கடைசியில், மடிப்புக்குள் மறைந்திருக்கலாம். எழுத்து அட்டையை எடுத்து இரண்டு கோடுகளையும் வைத்துப் பாருங்கள். தெற்கெல்லையின் கோடு ககரத்தை ஒட்டி நின்று, மேற்கெல்லையின் கோடு ககரத்துக்கும் ‘ட்’டுக்கும் நடுவே தள்ளி நின்றால், ‘பா’வின் காலும் ‘ர’வும் நின்ற அதே முறையில் இவையும் நிற்கின்றன. எழுத்தும் வாக்கியமும் தனித்தனியாக ஒரே பதிலைத் தருகின்றன. அப்போது ‘கரட்டுக்குக் கிழக்கு’ என்று எழுதிக்கொள்ளலாம்.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. ‘கரட்டுக்காடு’ என்று ஒரு சொல் உண்டு. கரட்டை ஒட்டிய மானாவாரி நிலத்துக்கு அந்தப் பெயர். ஆகவே நட்டக்கோடுகள் வரிசையாக வரும் இடத்தில் எழுத்துகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். ககரம் எத்தனை, டகரம் எத்தனை என்று பார்த்தால் ஒரு சொல்லா, இரண்டு சொல் சேர்ந்ததா என்பது வெளிப்படும். ஊர்ப் பெயரிலும் இதே தொல்லை வரும். பல்லடம் பக்கத்துக் கரடிவாவியைக் ‘காடிவாவி’ என்று படித்துவிட்டு அப்படி ஓர் ஊரைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

கொம்பு சேர்ந்தால் சிக்கல் இரட்டிக்கும். பழைய கையில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் ஒன்றாக இருக்கும், புள்ளியும் விட்டுப்போகும். கொம்பு, பகரம், கோடு, னகரம் என்று நான்கு வடிவம் நின்றால் அது ‘பேரன்’ ஆகலாம், ‘பொன்’ ஆகலாம், ‘போன’ என்றும் ஆகலாம். கிரயப் பத்திரத்தில் இது அவ்வளவு இடர் செய்யாது. தான செட்டில்மெண்டிலும் பாகப்பிரிவினையிலும் சொத்து யாருக்குப் போகிறது என்பதே இதில் தங்கியிருக்கும். ‘என்’ என்பது முன்னால் வருகிறதா, பின்னால் ஒரு ஆள்பெயர் வருகிறதா, வயது குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் இருந்தால் பேரன்.

சாளையும் சாலையும்

அடுத்து அந்தச் ‘சா?ை ஒன்றும்’. கொங்கில் சாளை என்பது தோட்டத்திலோ காட்டிலோ குடியிருக்கவும் தட்டுமுட்டு வைக்கவும் கட்டிய வீடு. சாலை என்பது ரோடு. லகரத்தின் கடைசிக் கோடு மேலே ஏறி அங்கேயே நின்றுவிடும். ளகரத்தின் கோடு மேலே ஏறி, வளைந்து, மறுபடி வரிக்கோடு வரை இறங்கிக் கால் ஊன்றும். அந்த இறங்கும் கால் இருக்கிறதா என்பதே கேள்வி.

1935-ல் எழுதியதென்பதால் இங்கே இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். அப்போது லை, ளை, ணை, னை நான்கையும் இன்றுபோல் தனிச் சங்கிலி போட்டு எழுதுவதில்லை. எழுத்தின் முன்தலையில் யானைத் தும்பிக்கை போல ஒரு வளைவைத் தூக்கிவிடுவார்கள். அந்த வளைவைச் சுழியென்று நினைத்தால் எழுத்தே மாறிப்போகும். ணா, றா, னா முதலியவையும் காலைப் பக்கத்தில் நிறுத்தாமல் எழுத்தின் அடியிலேயே சுழித்து முடிப்பவை. ‘றா’வை அவசரத்தில் ‘று’ என்று படித்துவிடுவது சகஜம். ஈரோட்டுக்காரரான பெரியார் இந்த எழுத்துகளை மாற்றி 1935 முதல் ‘குடிஅரசு’ இதழில் அச்சிட்டார். தமிழக அரசு அதை ஏற்றது 1978 அக்டோபரில்தான். அதற்குப் பிறகும் பழகிய கைகள் பழையபடியே எழுதின. அதனால் 1985-ஆம் ஆண்டுப் பத்திரத்தில் தும்பிக்கை இருந்தால் வியப்பில்லை. 1935-ஆம் ஆண்டுப் பத்திரத்தில் சங்கிலி இருந்தால்தான் அது பின்னாளில் எடுத்த நகலோ என்று யோசிக்க வேண்டும்.

வாக்கியம் என்ன சொல்கிறது? ‘ஓட்டு’ என்று முன்னால் இருக்கிறது, ‘ஒன்றும்’ என்று பின்னால் எண்ணியிருக்கிறது, விற்கும் பொருள்களின் வரிசையில் கிணற்றுக்கு முன்னால் வைத்திருக்கிறது. ரோட்டுக்கு ஓடு வேய்வதில்லை, அதை எண்ணி விற்பதுமில்லை. எனவே பொருள் சாளை. ஆனால் எழுத்து? கொங்கு நாட்டிலேயே ‘தோட்டத்துச் சாலை’ என்று லகரம் போட்டு எழுதுகிறவர்கள் அப்போதும் உண்டு, இப்போதும் உண்டு. படத்தில் இருப்பது தெளிவான லகரமானால் அதைத் திருத்தாமல் ‘சாலை’ என்றே படியெடுத்து, ஓரத்தில் ‘சாளை என்ற பொருளில்’ என்று குறிக்க வேண்டும். படித்தது வேறு, புரிந்துகொண்டது வேறு. இரண்டையும் கலந்து எழுதினால் பின்னால் வருபவர் எது தாளில் இருந்தது, எது உங்கள் கருத்து என்று பிரிக்க முடியாது.

வருஷப் பெயர்

தேதி மங்கிப்போன பத்திரங்களில் தமிழ் வருஷப் பெயர் கைகொடுக்கும், அதே சமயம் வம்புக்கும் இழுக்கும். 1934 சித்திரையில் பிறந்தது பவ, அடுத்த 1935-ல் பிறந்தது யுவ. பகரமும் யுகரமும் மசிந்தால் இரண்டும் ஒன்று போலவே தெரியும். ஆங்கிலத் தேதியின் கடைசி இலக்கமும் 4 ஆ 5 ஆ என்று தெரியாமல் போனால் ஒன்றை வைத்து மற்றதை நிரூபிக்க முடியாமல் சுற்றிக்கொண்டே இருப்போம். அட்டையிலுள்ள ‘பா’வையும் ‘ய’வையும் எடுங்கள். பகரத்துக்கு வலப்பக்கச் சுவர் நேராக ஏறும், உள்ளே ஒன்றுமில்லை. யகரத்துக்கு நடுவில் ஒரு மடிப்பு உண்டு. மேலும் யுகரத்தில் அடியில் இறங்கும் உகரக் குறி இருக்கும், ‘பவ’வில் அந்த இடம் காலியாக இருக்கும். விபவ (1928), விய (1946) இரண்டுக்கும் இப்படித்தான் ஓர் எழுத்தின் இருப்பை வைத்து வேறுபாடு காண வேண்டும்.

அப்படியும் தீரவில்லையென்றால் பத்திரத்தின் பின்பக்கத்துக்குப் போங்கள். சார்பதிவாளரின் குறிப்பு அங்கே இருக்கும். இன்ன புத்தகம், இன்ன வால்யூம், இன்ன பக்கங்கள், இன்ன வருஷத்திய இன்ன நெம்பர் என்று எழுதியிருப்பார்கள். அது வேறொருவர் கை, ஆகவே தனிச்சாட்சி. ஆனால் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி எழுதிய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொடுத்தால் போதும். டிசம்பரில் எழுதியது அடுத்த வருஷ நெம்பரில் பதிவாகியிருக்கலாம்.

தேதியில் வரும் குறிகளையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ௵ வருஷம், ௴ மாதம், ௳ நாள். இவை ‘வரு’, ‘மீ’, ‘உ’ என்று எழுத்துகளாகக் கண்ணில் படும். ௸ என்றால் ‘மேற்படி’. தமிழ் எண்ணில் ௨ உகரம் போலவும், ௭ எகரம் போலவும், ௧ ககரம் போலவும் நிற்கும். தொகை எழுதிய இடத்தில் எழுத்து மாதிரி ஒன்று தனியே நின்றால் முதலில் எண்ணா என்று பாருங்கள். அடுத்து அதே தொகையைச் சொல்லாலும் எழுதியிருப்பார்கள். அதுவே சரிபார்ப்பு.

வெளியிலிருந்து சாட்சி

தாளுக்குள் தீராத ஐயத்தைத் தாளுக்கு வெளியே தீர்க்க வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய பத்திரங்களை முதலாம் புத்தகத்தில் கையாலேயே படியெடுத்து வைத்திருப்பார்கள். சான்றிட்ட நகல் கேட்டு வாங்கினால் அதே வாசகம் இன்னொருவர் கையில் கிடைக்கும். அவர் மூலத்தைக் கண்ணெதிரே வைத்து, மை மங்காத நாளில் படித்தவர். அவருடைய ரகரம் வேறு மாதிரி இருக்கும், உங்கள் பத்திரத்தில் மசிந்த இடம் அங்கே தெளிவாக இருக்கக்கூடும்.

அதைவிடப் பெரிய சாட்சி மூலப்பத்திரம், அதாவது விற்றவர் தாம் வாங்கியபோது பெற்றது. எல்லைகளை அதிலிருந்து சொல்லுக்குச் சொல் எடுத்துத்தான் அடுத்த பத்திரத்தில் எழுதுவார்கள். முந்தைய பத்திரம் சாட்சியாகும், பிந்தைய பத்திரம் அவ்வளவு ஆகாது. பின்னாளில் தட்டச்சு செய்தவர் ‘காட்டுக்கு’ என்று அடித்திருந்தால், அவரும் உங்களைப் போலவே கோட்டைப் பார்த்துத் திகைத்துக் காலென்று எடுத்துக்கொண்டிருக்கலாம். அதற்குப் பிறகு வந்த பத்திரங்கள் எல்லாம் அவரைப் பார்த்து எழுதியிருக்கும். ஐந்து பத்திரம் ஒரே மாதிரி சொன்னாலும் சாட்சி ஒன்றுதான்.

கரடா காடா என்பதற்கு வருவாய்த்துறையின் அ-பதிவேடும் புலப்படமும் உதவும். உங்கள் புல எண்ணுக்கு மேற்கே எந்தப் புல எண் இருக்கிறது என்று படத்தில் பார்த்து, அந்த எண்ணுக்கு நேரே பதிவேட்டில் பட்டாதாரர் பெயர் இருக்கிறதா, புறம்போக்கு என்றிருக்கிறதா என்று பாருங்கள். பதிவேட்டின் பகுதியை eservices.tn.gov.in தளத்திலேயே எடுக்கலாம். ஆனால் இன்றைய புல எண் 1935-ல் இருந்த எண்ணாக இருக்க வேண்டுமென்பதில்லை, மறுஅளவையில் மாறியிருக்கலாம். பழைய எண்ணுக்குப் புதிய எண் எது என்ற தொடர்பை முதலில் வாங்கிக்கொண்டுதான் பதிவேட்டைத் திறக்க வேண்டும். இன்றைக்குத் திருப்பூர் மாவட்டத்தில் இருக்கும் பல்லடம் 2009 வரை கோவை மாவட்டம், ஈரோடு 1979 வரை கோவை மாவட்டம் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டால் எந்த மாவட்டத்துப் பழைய ஏட்டைக் கேட்பது என்று அலைய வேண்டியிராது.

எல்லாம் பார்த்தும் ஒரு கோடு பிடிகொடுக்கவில்லையென்றால் ‘கா[கர?]ட்டுக்கு’ என்பதுபோல் இரண்டு படிப்பையும் காட்டிப் படியெடுங்கள். அருகில் எந்தப் படம், எந்த வரி என்று குறியுங்கள். எதை ஒப்பிட்டுப் பார்த்தீர்கள், எந்தச் சாட்சி இன்னும் வரவில்லை என்பதையும் அங்கேயே எழுதி வையுங்கள். வக்கீலிடமோ அளவையரிடமோ கொடுக்கும் படியில் அந்த அடைப்புக்குறியை யாரும் நீக்கிவிடாமல் பார்த்துக்கொள்வதும் படியெடுத்தவர் பொறுப்புதான்.